கேள்வி காணாமற்போன விடைகள்
விசுவாசக் கேள்விகளுக்கான குறுங்காணொளித் தொடர் குறித்து ஒரு திறனாய்வு

கிராமச் சபைகளில் வீடு சந்திக்கச் செல்லும் ஆயர் ஒருவர் அண்மைக் காலமாக ஒரு புதிய நிலைமையை எதிர்கொள்கிறார். தம்மிடம் கேட்கப்படும் கேள்விக்கு அவர் வாய் திறப்பதற்கு முன்னரே, அந்த வீட்டிலுள்ள கைபேசி விடை கூறிவிட்டிருக்கிறது. அறிஞர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார், திரையின் மேற்பகுதியில் கேள்வி ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கிறது, ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம், அவர் பேசுகிறார், காட்சி முடிகிறது. இளைஞர்கள் ஷார்ட்ஸ் என்றும் ரீல்ஸ் என்றும் அழைக்கும் வடிவம் இது. யூடியூப் நிறுவனம் 2020 செப்டம்பரில் இவ்வசதியை முதன்முதல் இந்தியாவில்தான் சோதனையாக அறிமுகப்படுத்தியது. தொடக்கத்தில் பதினைந்து நொடியாக இருந்த எல்லை பிறகு ஒரு நிமிடமாகி, 2024 அக்டோபர் முதல் மூன்று நிமிடமாக நீண்டுள்ளது.

இவ்வகைத் தொடரொன்றைப் புதுச்சேரியின் ஊர்ப்புறங்களுக்கென, சிறப்பாக வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வாழும் விசுவாசிகளுக்கென, வடிவமைக்க வேண்டுமானால் எவற்றைக் கருதவேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். ஒளிப்படக் கருவி, விளக்கு, பின்திரை ஆகியவை பற்றி நாம் பேசப் போவதில்லை. அவற்றைக் கற்றுத்தருவோர் பலர் உளர். நாம் கூற விரும்புவது ஒன்றே. இத்தகைய தொடரில் முதலிடம் பெறவேண்டியது விடையன்று, கேள்வி. அது யாரிடமிருந்து, எவ்வாறு பெறப்படுகிறது, காட்சிக்குள் எவ்வளவு காக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே தொடர் நிற்கும் அல்லது விழும்.

1. வினாவிடையின் இரு மரபுகள்

வினாவிடை என்பது தமிழுக்குப் புதிய வடிவமன்று. 1579இல் கொச்சியில் அச்சான ‘கிரிசித்தியானி வணக்கம்’ ஆசிரியனும் மாணவனும் உரையாடும் முறையில் அமைந்தது. லுத்தர் 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசமும் வினா எழுப்பியே கற்பிக்கிறது. இவ்வடிவத்தின் ஆற்றலை நன்குணர்ந்த ஆறுமுக நாவலர் சைவ சமயத்துக்கும் வினாவிடை நூல்கள் எழுதினார். இவை அனைத்திலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. கேட்பவன் உண்மையில் அறியாதவனல்லன். முதலில் விடை ஆயத்தமாகிறது. பின்னரே அதற்கேற்ற வினா அமைக்கப்படுகிறது. மனப்பாடத்துக்கும் போதனைக்கும் இது தக்க கருவியே.

மற்றொரு மரபும் நம்மிடம் உண்டு. 1712 முதல் 1714 வரை தரங்கம்பாடியில் சீகன்பால்குவும் கிருண்ட்லரும் தமிழ் இந்துக்களுக்கு வினாக்களை எழுதியனுப்பி, அவர்களுடைய விடைகளைக் கடிதங்களாகப் பெற்றனர். அக்கடிதங்கள் ஜெர்மன் மொழியாக்கத்தில் ஹாலே நகரில் வெளியிடப்பட்டன. இங்கே கேட்டவர்கள் மிஷனெரிகள், விடையளித்தவர்கள் இந்நாட்டார். வரப்போகும் விடை என்னவென்று கேட்டவருக்குத் தெரியாது.

குறுங்காணொளித் தொடர் தோற்றத்தில் இரண்டாம் மரபைச் சார்ந்தது போலக் காட்சியளிக்கிறது. பார்வையாளர் கேட்கிறார், அறிஞர் விடையளிக்கிறார் என்றே விளம்பரம் செய்யப்படுகிறது. ஆனால் நடைமுறையில் அது விரைவில் முதல் மரபுக்குள் சரிந்துவிடும். முதல் சில வாரங்களில் கேள்விகள் போதிய அளவு வாரா. வருவனவும் நீண்டும் குழம்பியும் இருக்கும். ஆகவே தயாரிப்புக் குழுவினர் தாங்களே கேள்விகளை எழுதத் தொடங்குவர். அல்லது வந்த கேள்வியைச் செப்பனிட்டுத் திரைக்கேற்ற ஒரு வரியாக்குவர். இச்சரிவை அடையாளம் காண்பது எளிது. உண்மையான கேள்வியில் ஆள் இருக்கும், இடம் இருக்கும், ஒரு ‘ஏனென்றால்’ இருக்கும். “விக்கிரகத்துக்குப் படைத்ததை உண்ணலாமா?” என்பது குழு எழுதிய கேள்வி. “எதிர்வீட்டு அக்கா ஆடி மாதம் சொம்பில் கூழ் கொண்டுவந்து கொடுக்கிறார். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. வாங்கி வைத்து, அவர் போனதும் மாட்டுக்கு ஊற்றிவிடுகிறேன். இது கள்ளத்தனமா, ஐயா?” என்பது ஒரு பெண் கேட்கக்கூடிய கேள்வி. முன்னதற்கு விடை நூலில் உண்டு. பின்னதற்கு விடை கூற வேண்டுமானால், அவர் கேட்பது உணவைப் பற்றியா, தம் நேர்மையைப் பற்றியா என்பதை முதலில் உணரவேண்டும்.

2. இரு முன்மாதிரிகள்

ஆங்கிலத்தில் இவ்வகையில் நெடுநாள் நடந்துவரும் தொடர்களுள் இரண்டை நோக்குவோம். அமெரிக்கப் போதகர் ஜான் பைப்பர் விடையளிக்கும் ‘ஆஸ்க் பாஸ்டர் ஜான்’ 2013 ஜனவரியில் ஒலித்தொடராகத் தொடங்கியது. ஒரு பகுதிக்குப் பெரும்பாலும் ஒரு கேள்வி. ஏறத்தாழப் பத்து நிமிடம். நெறியாளர் டோனி ரைன்கி கேட்டவருடைய கடிதத்தை வாசிப்பார். கேட்டவரின் சூழல் அதில் ஓரளவு வெளிப்படும். இத்தொடரின் விடைகளைத் தொகுத்து அவரே 2024இல் ஒரு நூலும் வெளியிட்டார். பிரித்தானியப் புதிய ஏற்பாட்டு அறிஞர் என். டி. ரைட் விடையளிக்கும் தொடர் 2018இல் தொடங்கியது. அப்போது நெறியாளராயிருந்த ஜஸ்டின் பிரையர்லி, ஒரே பொருள் பற்றிய சில கேள்விகளைச் சேர்த்து வாசித்து, இடையிடையே தாமும் வினவுவார்.

இவ்விரண்டிலும் நாம் கற்கத்தக்கது நெறியாளரின் பணி. அவர் அறிஞருக்கும் கேட்டவருக்கும் இடையே நிற்கிறார். விடை கேள்வியை விட்டு விலகும்போது, “ஆனால் அவர் கேட்டது வேறல்லவா?” என்று இழுத்துவர அவரால் இயலும். அறிஞர் தனித்துக் கருவியை நோக்கிப் பேசும் தொடரில் இக்காவல் இல்லை.

குறையும் இங்கேயே வெளிப்படுகிறது. நீண்ட உரையாடலிலிருந்து ஒரு நிமிடத் துண்டுகளை வெட்டியெடுப்பது இப்போது எங்கும் வழக்கம். வெட்டும்போது முதலில் போவது கேட்டவருடைய கடிதம். அடுத்துப் போவது நெறியாளரின் குறுக்கீடு. எஞ்சுவது அறிஞரின் உறுதியான வாக்கியம் மட்டுமே. ஒருவருடைய வாழ்க்கைக்குச் சொல்லப்பட்ட ஆலோசனை, எல்லாருக்கும் உரிய சட்டமாக மாறுகிறது. இது அறிஞரின் பிழையன்று, வடிவத்தின் விளைவு.

இவ்விளைவு எத்தகையது என்பதைத் திருமறை மாணவர்க்கு விளக்க வேண்டியதில்லை. கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபத்தின் பெரும்பகுதி, சபையார் எழுதிக் கேட்டவற்றுக்குப் பவுல் அளித்த விடையே. ஏழாம் அதிகாரத்தின் முதல் வசனம் அதனை வெளிப்படையாகக் கூறுகிறது. எட்டாம் அதிகாரமும் அவ்வாறே தொடங்குகிறது. ஆனால் அவர்களுடைய கடிதம் நம் கையில் இல்லை. எனவே 7:1இன் பிற்பகுதியும் 8:1, 8:4 ஆகியவற்றிலுள்ள சில தொடர்களும் பவுலின் கூற்றா, கொரிந்தியர் கூற்றைப் பவுல் எடுத்தாள்கிறாரா என்று உரையாசிரியர்கள் இன்றும் வாதிடுகின்றனர். மணவாழ்வைப் பற்றி ஒரு சபையார் சொன்னதாக இருக்கக்கூடிய வாக்கியம், திருத்தூதரின் கட்டளையாகப் பல நூற்றாண்டுகள் வாசிக்கப்பட்டது. கேள்வி தொலைந்தால் விடைக்கு நேர்வது இதுதான். குறுங்காணொளி இத்தொலைவை ஒரே பிற்பகலில் நிகழ்த்திவிடுகிறது.

3. வில்லியனூரும் பாகூரும்

இத்தொடர் சென்றடையும் இடத்தை இனி நோக்குவோம். வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயிலும் லூர்து மாதா திருத்தலமும் ஒரே ஊரில் உள்ளன. பாகூர் ஏரிப் பாசனத்தால் நெல் விளையும் ஊர்; அதன் நடுவே மூலநாதர் கோயில் நிற்கிறது. கல்விக்கும் அது புதிய ஊரன்று. 9ஆம் நூற்றாண்டில் பல்லவ அரசன் நிருபதுங்கன் காலத்தில் பாகூரிலிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. அறிஞர் ஊருக்குள் இருந்து கற்பித்த இடம் அது. இப்போது நாம் அனுப்ப நினைக்கும் அறிஞரோ ஊருக்கு வராமலே பேசுகிறவர்.

இப்பகுதிகளில் கிறிஸ்தவர் சிறுபான்மையினர். அவர்களுள்ளும் கத்தோலிக்கரே மிகுதி. சீர்திருத்தச் சபையைச் சார்ந்த குடும்பம் பல இடங்களில் ஒரு தெருவில் ஒன்றிரண்டு வீடாகவே வாழ்கிறது. ஆகவே அண்டை வீட்டாரின் வழிபாட்டைப் பற்றி அறிஞர் உரைக்கும் ஒவ்வொரு சொல்லும் அண்டை வீட்டாரின் கைபேசியையும் சென்றடையும். கோயில் மேடையில் பேசுவதற்கும், சபைக்குள் பேசுவதற்கும், அண்டை வீட்டுத் திண்ணையில் பேசுவதற்கும் உள்ள வேறுபாட்டைக் குறுங்காணொளி அழித்துவிடுகிறது. அறிஞர் எப்போதும் திண்ணையில் பேசுவதாகவே எண்ணிக்கொள்ள வேண்டும்.

கேள்விகளைப் பெறும் வழியும் இச்சூழலுக்கு ஏற்க அமையவேண்டும். இணையப் படிவத்தை நிரப்பி அனுப்புவோர் ஏற்கெனவே எழுதப் பழகியவர்; அவர்கள் கேள்விகள் ஒரே வகையாக இருக்கும். வயல் வேலைக்கும் நூறுநாள் வேலைக்கும் செல்லும் பெண்கள் எழுதியனுப்ப மாட்டார்கள், பேசியனுப்புவார்கள். எனவே வாட்ஸப் வாய்ஸ் மெசேஜ் பெறுவதற்கென ஓர் எண்ணும், உபதேசியாரோ வேதாகமப் பெண் ஊழியரோ வீடு சந்திக்கும்போது கேட்டதைக் குறித்துக்கொள்ளும் ஒரு குறிப்பேடும் படிவத்தினும் பயன் தரும்.

ஆனால் அனுப்பியவரின் குரலை அப்படியே ஒலிபரப்பலாகாது. வேறொருவர் அதை வாசிக்க வேண்டும். பெயரை மட்டும் நீக்கினால் போதாது. “பாகூர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை கேட்கிறார்” என்ற ஒரு வரி, இருநூறு வீடுகள் கொண்ட ஊரில் ஒருவரைச் சுட்டிக்காட்டப் போதுமானது. இங்கே ஒரு முரண்பாடு எழுகிறது. சூழலைக் காக்க வேண்டும் என்றோம். ஆளை மறைக்கவும் வேண்டும் என்கிறோம். கேள்விக்குத் தேவையான சூழலை வைத்துக்கொண்டு, ஆளைக் காட்டும் சூழலை நீக்குவதே வழி. கூழ் கேள்வியில் ஆடி மாதமும் எதிர்வீட்டு நட்பும் தேவை. கேட்டவரின் ஊரும் தொழிலும் வயதும் தேவையில்லை. மாற்றியமைத்த வாசகத்தைக் கேட்டவருக்கே திருப்பியனுப்பி, “நீங்கள் கேட்டது இதுதானா?” என்று உறுதிசெய்த பிறகே படப்பிடிப்பு நடத்தவேண்டும்.

4. ஒரு கேள்வியை எடுத்துச் செய்துபார்த்தல்

மேற்கூறிய கூழ் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். மாரியம்மன் கோயிலில் கூழ் வார்த்தல், இப்பகுதியில் சாகை வார்த்தல் என்றும் வழங்குவது, ஆடி மாதத்தில் நிகழும். அங்கு வார்த்த கேழ்வரகுக் கூழ் வீடு வீடாகவும் பகிரப்படும்.

அறிஞர் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு சொற்கள் பேசுவார். தொண்ணூறு நொடிக்கு நூற்றைம்பது சொற்கள். இதில் கேள்வியை வாசிக்க இருபது நொடி போய்விடும். எஞ்சிய எழுபது நொடியில் 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரையுள்ள வாதம் முழுவதையும் சொல்ல இயலாது. சொல்ல முயல்பவர் ஏதேனும் ஒரு வசனத்தைப் பற்றிக்கொள்வார். 10:20ஐப் பற்றிக்கொண்டால், அண்டை வீட்டார் பேய்களுக்குப் படைக்கின்றனர் என்ற செய்தி மட்டுமே பரவும். 8:4ஐப் பற்றிக்கொண்டால், எதையும் எங்கும் உண்ணலாம் என்றாகிவிடும். இரண்டும் பவுலின் சொற்களிலிருந்தே வந்தவை. இரண்டும் பவுலின் விடையல்ல.

பவுல் மூன்று இடங்களைப் பிரித்துப் பேசுகிறார். முதலாவது, கோயிற்பந்தியில் அமர்ந்து உண்ணுதல் (8:10, 10:21). இதனை அவர் மறுக்கிறார். இரண்டாவது, சந்தையில் விற்பதை வாங்கி உண்ணுதல் (10:25). விசாரிக்காமலே உண்ணலாம் என்கிறார். மூன்றாவது, விசுவாசியல்லாதவர் வீட்டு விருந்து (10:27–28). வைத்ததை உண்ணலாம், ஆனால் ஒருவர் இது படைக்கப்பட்டது என்று அறிவித்தால், அறிவித்தவர் பொருட்டுத் தவிர்க்க வேண்டும். ஆகவே இது ஒரு காணொளிக்குரிய பொருளன்று, மூன்று காணொளிகளுக்குரியது. ஒவ்வொன்றும் தனக்குரிய கேள்வியுடன் தொடங்கித் தனியே நிற்கவேண்டும். மூன்றும் சேர்ந்தே பகிரப்படும் என்று எதிர்பார்க்கலாகாது.

கூழ் கேள்வி மூன்றாம் இடத்தைச் சார்ந்தது. இங்கே அறிஞர் தம் புலமையால் செய்யக்கூடிய ஒரு நுட்பமான உதவி உண்டு. எட்டாம் அதிகாரத்தில் பவுல் வழங்கும் சொல் ‘எய்தோலோதுத்தோன்’. விக்கிரகத்துக்குப் பலியிடப்பட்டது என்று பொருள்படும் இச்சொல்லில் இகழ்ச்சி உண்டு. 10:28இலோ, விருந்தில் ஒருவர் அறிவிக்கும் வாய்மொழியாக, இன்றைய ஆய்வுப் பதிப்புகள் தரும் சொல் ‘ஹியெரோதுத்தோன்’. இது தெய்வத்துக்குப் படைத்தது என்ற மதிப்புக்குரிய சொல். பிற்காலப் படிகள் பலவற்றில் இங்கும் இகழ்ச்சிச் சொல்லே புகுந்துள்ளது. பழைய மொழிபெயர்ப்புகள் அதையே பின்பற்றின. பிறர் தம் படையலைப் பற்றிப் பேசும்போது அவருடைய சொல்லையே பவுல் அவர் வாயில் வைக்கிறார். எனவே அறிஞரும் காணொளியில் ‘படையல்’ என்றே சொல்லலாம். இவ்வொரு சொல் மாற்றத்தால் கேட்டவர் பெறும் விடையின் பொருள் குறையாது. எதிர்வீட்டு அக்கா அதைக் கேட்டால் புண்படவும் மாட்டார்.

காணொளியின் அமைப்பை இவ்வாறு வகுக்கலாம். முதல் இருபது நொடி, வேறொரு குரல் கேள்வியை முழுமையாக வாசிக்கிறது. அடுத்த பத்து நொடியில் அறிஞர் எதற்கு விடையளிக்கவில்லை என்பதைக் கூறுகிறார்: கோயிற்பந்தியைப் பற்றி நான் இப்போது பேசவில்லை, வீட்டுக்கு வந்த கூழைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். அடுத்த நாற்பது நொடி பவுலின் விடைக்குரியது. உணவால் தீட்டில்லை, பூமியும் அதில் உள்ளதும் ஆண்டவருடையவை. எனினும் படையல் என்று சொல்லிக் கொடுப்பவர் அதனை வழிபாட்டின் பங்காகக் கருதினால், அவர் மனச்சாட்சியின் பொருட்டுத் தவிர்க்குமாறு பவுல் கேட்கிறார். இறுதி இருபது நொடியில் அவர் கேட்டவரிடம் திரும்புகிறார். வாங்கிக் கொட்டுவதினும் உண்மையைச் சொல்வதே அக்காவுக்குச் செய்யும் மரியாதை. எப்படிச் சொல்வது என்பதை உங்கள் ஆயரோடு அமர்ந்து பேசுங்கள்.

அந்த இறுதி வாக்கியம் தப்பித்தலாகத் தோன்றலாம். ஆனால் அது தேவையான எல்லைக்கோடு. நம் ஊர்களில் ஒரு வீட்டுக் கூழை மறுப்பது சமயச் செயல் மட்டுமன்று, சாதிச் செயலாகவும் பொருள்படும். சேரிக்கும் ஊருக்கும் இடையே உணவு கடந்து செல்லாதிருந்த தெருவில், கூழ் வந்தது என்பதே ஒரு செய்தி. மறுத்தால் அச்செய்தியை மறுப்பதாகும். மாறாக, தனிப் பாத்திரத்தில் ஊற்றப்பட்ட கூழானால் அதை ஏற்பது வேறொன்றுக்கு உடன்படுவதாகும். கொரிந்துவின் பலவீனர் ஏழைகளே, அவர்கள் இறைச்சியைக் கண்டது பெரும்பாலும் பொது விழாக்களில்தான் என்று கெர்ட் தைசன் 1975இல் காட்டியபோது, இச்சிக்கலுக்குள் பொருளாதாரத் தட்டுகள் இருந்ததை உணர்ந்தோம். அறிஞர் அத்தெருவை அறியார். ஆயர் அறிவார்.

5. தவறு நேர்ந்ததை அறிதல்

காணொளியை வெளியிடுமுன் மூன்று சோதனைகள் போதும். கடைசி இருபது நொடியை மட்டும் ஒருவருக்குக் காட்டவேண்டும். அதிலிருந்து அவர் தவறான சட்டம் ஒன்றை உருவாக்கினால் இறுதிப்பகுதியைத் திருத்தவேண்டும். முழுவதையும் இன்னொருவருக்குக் காட்டி, கேட்டவரின் கேள்வி என்ன என்று வினவவேண்டும். அவர் விடையை மட்டும் சொல்லிக் கேள்வியை மறந்திருந்தால், கேள்விக்கு அளித்த இடம் போதவில்லை. மூன்றாவதாக, சபைக்கு வெளியேயுள்ள நண்பர் ஒருவரைப் பார்க்கச் செய்யவேண்டும். அவர் முகம் எந்தச் சொல்லில் மாறுகிறது என்று கவனிப்பதே போதும்.

வெளியிட்ட பின் பிழை தெரிந்தால் திரும்பப் பெறுவது கடினம். தளத்திலிருந்து நீக்கலாம், வாட்ஸப்பில் பகிரப்பட்டவற்றை நீக்க இயலாது. ஆகவே ஒவ்வொரு காணொளியின் மூலையிலும் எண்ணும் தேதியும் நிலையாகத் தெரியவேண்டும். திருத்தம் வெளியிடும்போது அதே எண்ணைச் சொல்லி, அதே அறிஞரே, “முன்பு சொன்னதில் இது தவறு” என்று கூறவேண்டும். தம் தவற்றைச் சொல்ல உடன்படாத அறிஞர் இத்தொடருக்கு ஏற்றவரல்லர்.

சில கேள்விகளுக்குக் காணொளியே ஆகாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், வீட்டில் அடிபடுதல், மருந்தை நிறுத்தி ஜெபத்தை மட்டும் நம்பலாமா என்ற ஐயம் ஆகியவற்றை எழுப்பும் ஒலிச்செய்தி வந்தால், அன்றே ஒருவர் திரும்ப அழைக்கவேண்டும். அடுத்து அவரைச் சென்று காணவேண்டும். எனவே அந்த எண்ணை வைத்திருப்பவர் படத்தொகுப்பாளராக இருத்தல் தகாது. ஆயர்ப் பணியில் பயின்றவராக இருக்கவேண்டும். அப்படியொருவரை அமர்த்த இயலாத நிறுவனம் கேள்விகளை வரவேற்காமல் இருப்பதே நேர்மை.

இத்திறனாய்வால் தொடரே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. ஆயர் ஒருவர் பல ஊர்களுக்குப் பொறுப்பேற்று, மாதம் ஒருமுறை மட்டும் காணும் சபைகளில், கற்றவர் ஒருவரின் குரல் கைபேசி வழியே வருவது நன்மையே. ஆனால் அக்குரல் முடியும் இடத்தில் உரையாடல் தொடங்க வேண்டும். அடுத்த முறை வில்லியனூருக்கு அப்பால் உள்ள ஒரு வீட்டில் ஆயர் அமரும்போது, “அந்த வீடியோவில் சொன்னார், ஐயா, ஆனால் எங்கள் வீட்டு விஷயம் கொஞ்சம் வேறு” என்று அவ்வீட்டுப் பெண் பேச்சைத் தொடங்குவாரானால், அத்தொடர் தன் பணியைச் செய்திருக்கிறது.